ஏழாம் சேர்மத்தின் முக்கோணம்

படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம், அதன் மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. என் வேலையில் எனக்கு எரிச்சல் மூட்டுகிற காட்சிகளில் முதலிடம் இதற்குத்தான். கட்டத்தின் அடியில் மட்டும் ‘படம் 1. ஏழாம் சேர்மத்தின் அமைப்பு’ என்று அழகாக எழுதியிருந்தது.

அறிவியல் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிற நிறுவனம் எங்களுடையது. அதில் வேதியியல் படங்களைச் சரிபார்ப்பவள் நான். கார்பனுக்கு நான்கு கைதான் உண்டு. எழுதியவர் அவசரத்தில் ஐந்தாவது கையை ஒட்டவைத்திருந்தால் பிடித்துத் திருப்பி அனுப்புவேன். ‘கறார் அக்கா’ என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேராகச் சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வந்திருந்தது ஒரு நினைவுத் தொகுதி. ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தாவரங்களிலிருந்து புதுப்புதுப் பொருள்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்த பெண்மணி, மூளையில் ரத்தக்குழாய் வெடித்துத் திடீரென்று இறந்துபோனார். எங்கேயும் வெளிவராத அவருடைய கடைசிக் கட்டுரையை முதலில் வைத்து, பின்னால் நண்பர்கள் எழுதியவற்றைச் சேர்த்து ஒரு புத்தகம். கட்டுரையில் படங்களை உள்ளே பதியாமல், அவை இருக்கிற இடத்தை மட்டும் சுட்டிவிட்டிருந்தார். படங்கள் இருந்தது அவருடைய கணினியில். அதை நிலையத்தார் துப்புரவாக அழித்து, அவர் இடத்துக்கு வந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆள் போன ஈரம் காய்வதற்குள் அப்படி என்ன அவசரமோ, தெரியவில்லை.

“படம் இல்லாமலே போட்டுடலாமா?” என்றார் எங்கள் மேனேஜர்.

“கல்யாணப் பத்திரிகையில பொண்ணு மாப்பிள்ளை பேரை விட்டுட்டு அச்சடிப்பீங்களா?” என்றேன்.

கட்டுரை முழுக்க அந்தப் பொருளுக்குப் பெயர் கிடையாது. ஏழாவதாகப் பிரித்தெடுத்தது என்பதால் ஏழாம் சேர்மம், ஏழாம் சேர்மம் என்றே போகிறது. முறையான பெயரைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். படமும் இல்லாவிட்டால் அவர் எதைக் கண்டுபிடித்தார் என்பதே யாருக்கும் தெரியாது. நிலையத்துக்குப் போன் போட்டேன். சேர்மம் மிச்சம் இருக்கிறதா என்றால், கிடைத்ததே கடுகளவு, அளந்து பார்த்ததிலேயே தீர்ந்துவிட்டது என்றார்கள். கருவிகளின் பதிவுகள் எல்லாம் அதே கணினியில் இருந்தனவாம். “அவங்க வீட்டுக்காரரும் கெமிஸ்ட்தான், அவருக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா அவருக்குக் கண்ணு தெரியாது” என்று இழுத்தார் எழுத்தர்.

அந்தக் கணவருக்கே போன் போட்டேன். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “நான் நேர்ல வந்து சொல்றேன். அந்தப் படம் எனக்கு மனப்பாடம்” என்றார்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தவர் இறந்த பெண்மணியின் தங்கை. துணிக்கடையில் கணக்குப் பார்ப்பவர். வேதியியல் என்றால் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கைச் சொல்லிச் சிரிக்கிற ரகம். “அத்தான், படி இருக்கு. அத்தான், நாற்காலி வலது பக்கம்” என்று அவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட சட்டை, ஒரு பொத்தான் மட்டும் மாறிப் பூட்டியிருந்தது. வீட்டில் அதைக் கவனித்துச் சொல்ல இப்போது ஆள் இல்லை.

பார்வை போய்ச் சில வருடங்கள் ஆகிறதாம். அதற்கு முன் அவரும் அதே நிலையத்தில்தான் இருந்திருக்கிறார். வேலையை விட்டபின் தினமும் சாயங்காலம் மனைவி வந்து அன்றைக்கு வரைந்ததை அவருக்கு வாயால் சொல்வாராம்.

“அவ சொல்றதுக்குன்னு ஒரு முறை இருக்கு. ‘பக்கத்துல’, ‘அந்தாண்ட’ன்னு சொல்லவே மாட்டா. பக்கத்துலன்னா எந்தப் பக்கத்துலன்னு கேள்வி வரும்ல? எங்க ஆரம்பிக்கணும், எந்தப் பக்கமா சுத்தணும்னு முதல்லயே சொல்லிடுவா. ஒவ்வொரு முனையிலயும் எத்தனை ஹைட்ரஜன்னு சொல்லாம அடுத்ததுக்குப் போக மாட்டா.”

எனக்கு அந்தப் பெண்மணியை உடனே பிடித்துப்போனது. உயிரோடு இருக்கும்போது தெரிந்திருந்தால் கறாரில் எனக்கொரு கூட்டாளி கிடைத்திருப்பார்.

கணவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். திறந்திருந்தாலும் ஒன்றுதான், ஆனாலும் மூடிக்கொண்டார். “ரெண்டு வீடு, நடுவுல ஒரே பொதுச்சுவர். ரெண்டுமே ஆறு முனை வளையம். சுவர் நெட்டுக்குத்தலா நிக்குது. இடது வீடு பென்சீன். வலது வீட்டுல எல்லாம் ஒற்றைப் பிணைப்பு.”

நான் திரையில் இரண்டு அறுகோணங்களை ஒட்டினாற்போல் போட்டேன். “ம், சொல்லுங்க.”

“இடது வீடு முதல்ல. உச்சி முனையில ஒரு ஹைட்ராக்ஸி, அதாவது ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும். அங்கிருந்து இடமா இறங்கினா அடுத்த முனை காலி, ஒரு ஹைட்ரஜன். அதுக்குக் கீழ, இடது கீழ் முனையில மெத்தாக்ஸி, அதாவது ஒரு ஆக்ஸிஜன், அதுல தொங்குற ஒரு கார்பன், அதுக்கு மூணு ஹைட்ரஜன். அடி முனை காலி, ஒரு ஹைட்ரஜன். அவ்வளவுதான், திரும்பப் பொதுச்சுவருக்கு வந்துட்டோம்.”

“வலது வீடு?”

“பொதுச்சுவரோட மேல் நுனியில ஆரம்பிச்சு வலமா சுத்துங்க. உச்சி முனையில கீட்டோன், மேல் நோக்கி இரட்டைப் பிணைப்புல ஆக்ஸிஜன். பக்கத்து வீட்டு உச்சியில இருக்கிற ஹைட்ராக்ஸியோட ஹைட்ரஜன் இது மேல ஒரு கண்ணு வெச்சிருக்கும்.” லேசாகச் சிரித்தார். “இது அவ சொல்றது. அடுத்து வலது மேல் முனை. ரெண்டு ஹைட்ரஜன். வலது கீழ் முனையில ஹைட்ராக்ஸி, ஒரு ஹைட்ரஜன். அடி முனையிலயும் ஹைட்ராக்ஸி, ஒரு ஹைட்ரஜன். முடிஞ்சுது.”

தடுமாற்றமே இல்லை. தன் வீட்டு அறைகளைச் சொல்கிற மாதிரி சொன்னார். வரைந்ததை அவர் சரிபார்க்கவேண்டுமே என்று, கெட்டித்தாளை ரப்பர் விரிப்பின் மேல் வைத்துப் பேனாவால் அழுத்தி அதே படத்தை வரைந்தேன். திருப்பினால் கோடுகள் மறுபக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும், விரலால் தடவிப் பார்க்கலாம். தாளைத் திருப்பி அவர் கையில் கொடுத்தேன்.

தடவினார். புருவம் சுருங்கியது. “மேடம், வீடு திரும்பி நிக்குதே. பென்சீன் வலது பக்கம் வந்துடுச்சு.”

பின்னாலிருந்து அழுத்தினால் இடம் வலம் மாறும் என்பதைக்கூட யோசிக்காமல் வரைந்திருக்கிறேன். எத்தனை பேருடைய தப்பைப் பிடித்துத் திருப்பி அனுப்பியவள்! என் முகம் போன போக்கைத் தங்கை பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“பரவால்ல மேடம், தட்டையா இருக்கிறவரைக்கும் திருப்பிப் போட்டாலும் அதே மூலக்கூறுதான். ஆப்புக்கோடு வந்தாதான் வம்பு” என்று அவரே சமாதானம் சொன்னார்.

அது உண்மை. தாள் தட்டையானது, மூலக்கூறு தட்டையானது அல்ல. ஒரு அணு தாளுக்கு மேலே நம்மைப் பார்த்து நீண்டிருந்தால் அதன் பிணைப்பைத் தடித்த ஆப்பு மாதிரி வரைவோம். தாளுக்குப் பின்னால் போனால் துண்டு துண்டான கோடு. மேலா கீழா என்பது மாறினால் சில சமயம் மருந்தே மாறிப்போகும். “உங்க படத்துல ஆப்புக்கோடு எதுவும் இல்லையா?” என்று கேட்டேன். “அதை அவ கடைசியாதான் சொல்லுவா” என்று சொல்லித் தாளை மேசையில் வைத்து ஓரங்களை நீவிவிட்டார்.

நான் கூட்டிப் பார்த்தேன். எந்தப் படத்தையும் கூட்டிப் பார்க்காமல் நான் விட்டதில்லை. அவர் சொன்ன படத்தில் பதினொரு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஐந்து ஆக்ஸிஜன். மொத்த எடை இருநூற்று இருபத்து நான்கு. கட்டுரையில் அந்தப் பெண்மணி கருவியில் அளந்து எழுதியிருந்தது இருநூற்று இருபத்து இரண்டு. ஹைட்ரஜன் பத்துதான்.

“ரெண்டு ஹைட்ரஜன் அதிகமா வருது சார்.”

“வராதே.”

“வருதே.”

“மறுபடி எண்ணுங்க.”

மறுபடி எண்ணினேன். விரல்விட்டு எண்ணினேன். வந்தது அதேதான். “கட்டுரையில அச்சுப்பிழையா இருக்கும்” என்றார். அவர் குரலில் லேசாக ஒரு முறுக்கு ஏறியது. எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. “சார், எடையை நாலு தசமம் வரைக்கும் எழுதியிருக்காங்க. ஹைட்ரஜனை எண்ணாம அடுத்த முனைக்குப் போக மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அவங்க தப்பா எழுதுவாங்களா?”

அவர் விரல் மறுபடி தாளில் கோடுகளைத் தேடியது.

“அவங்க கட்டுரையை யாராவது உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல. இவளுக்கு இந்த கெமிஸ்ட்ரியெல்லாம் படிச்சுச் சொல்ல வராது, நானும் கேக்கல” என்றார். தங்கை, “நான் ஒரு தடவை ஆரம்பிச்சேன் மேடம். முதல் வரியில அக்கா பேரைப் பார்த்ததும் என்னால முடியல” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சரி, நானே படித்தேன். அவர்கள் துறையில் ஒவ்வொரு கார்பனும் கருவியில் ஓர் எண்ணாகக் காட்டும்; அது எந்த மாதிரி இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, எத்தனை ஹைட்ரஜனைத் தூக்கிக்கொண்டிருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். கட்டுரையில் பதினொரு எண்கள் இருந்தன. கீட்டோனுக்கான எண் ஒன்றே ஒன்று. பென்சீனுக்கு ஆறு. மெத்தாக்ஸிக்கு ஒன்று. வலது வீட்டு அடி முனைக்கு அறுபதுகளில் ஒன்று. இதுவரை அவர் சொன்னபடியே வந்தது. மிச்சம் இரண்டு.

“ரெண்டும் ஐம்பதுகள்ல இருக்கு சார். ரெண்டுலயும் ஆளுக்கு ஒரு ஹைட்ரஜன்தான். ரெண்டு ஹைட்ரஜன் உள்ள கார்பனே இந்தக் கட்டுரையில இல்ல.”

அவர் கை தாளின் மேல் நின்றது. கீட்டோன் வீட்டின் வெளிச்சுவர், அந்த இரண்டு முனைகளுக்கு நடுவே.

நான் சொல்லிக்கொண்டே போனேன். இரண்டு ஹைட்ரஜன் குறைந்தால், ஒன்று எங்கேயோ ஒரு இரட்டைப் பிணைப்பு இருக்கவேண்டும், இல்லை ஒரு வளையம் கூடவேண்டும். இரட்டைப் பிணைப்பாக இருந்தால் அந்த எண்கள் நூறைத் தாண்டியிருக்கும். தாண்டவில்லை. அப்படியானால் வளையம்தான். வலது மேல் முனைக்கும் வலது கீழ் முனைக்கும் பாலம் போட்டாற்போல், அவர் அங்கே ஹைட்ராக்ஸி என்று சொன்ன அதே ஆக்ஸிஜன், சுவருக்கு வெளியே ஒரு சின்ன முக்கோணம்.

“மூணு முனை வளையம்” என்றார் அவர், ரொம்ப மெதுவாக.

“ஆமா சார். எடையும் சரியா வந்துடுச்சு. இருநூற்று இருபத்து ரெண்டு.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தொலைந்த படம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் முகம் கோணிக்கொண்டு போகிறது. பெரிய மனிதர்கள் அழ ஆரம்பிக்கும்போது எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவ சொன்னா மேடம். அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமா, செருப்பைக்கூடக் கழட்டாம, ‘ஏழாவது முடிஞ்சுடுச்சு, உக்காருங்க சொல்றேன்’னா. பொதுச்சுவர்ல ஆரம்பிச்சு வரிசையா சொல்லிட்டே வந்தா. ‘வலது சுவருக்கு வெளியே ஒரு முக்கோணம்’னு சொன்னதும் நான் குறுக்க விழுந்துட்டேன். அந்தச் சின்ன வளையம் அவ்வளவு இறுக்கமா இருக்குமே, மரப்பட்டையை ஆல்கஹால்ல போட்டுக் காய்ச்சினதுக்கப்புறம் தாங்குமான்னு கேட்டேன். எப்பவோ திறந்துருக்கும், நீ அளந்தது தப்புன்னேன். அவ ஏதோ சொல்ல வந்தா. நான் விடல. கண்ணு போனதுலேருந்து வாய் நீண்டுபோச்சு எனக்கு. கடைசில ‘சரி விடுங்க, சாப்பிட வாங்க’ன்னுட்டா.”

“அப்புறம்?”

“ஒத்துக்கிட்டான்னு நினைச்சேன். வளையம் திறந்தா எப்படி இருக்கும்னு நானே மனசுக்குள்ள வரைஞ்சு வெச்சுக்கிட்டேன். இவ்வளவு நாளா அதைத்தான் அவ படம்னு நினைச்சுட்டிருக்கேன்.”

தங்கை அவர் தோளில் கை வைத்தார். “அத்தான், புருஷன் பொண்டாட்டின்னா பேச்சுக்குப் பேச்சு வரத்தான் செய்யும். அக்கா அதை மனசுல வெச்சுக்கற ஆளா?”

“வெச்சுக்கல. திரும்ப ஒரு தடவை அளந்து பார்த்திருப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எழுதிட்டா. சொன்னா நான் மறுபடியும் கத்துவேன்ல.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “வரைங்க மேடம். முக்கோணத்தை வரைங்க.”

வரைந்தேன். இந்த முறை இடம் வலம் பார்த்து, மாற்றி அழுத்தி, புடைத்த தாளைக் கையில் கொடுத்தேன். அவர் பொதுச்சுவரின் மேல் நுனியில் ஆரம்பித்து வலமாகச் சுற்றி வந்து முக்கோணத்தில் விரலை வைத்தார். அங்கேயே வைத்திருந்தார்.

“மேல் பக்கமா, கீழ் பக்கமா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வரக்கூடாதே என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அடி முனையில் இருக்கிற ஹைட்ராக்ஸி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பாலம் போட்ட ஆக்ஸிஜன் அதே பக்கமா, எதிர்ப்பக்கமா? இரண்டும் இரண்டு வேறு வேறு பொருள்கள். எடை ஒன்றுதான், எண்களை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதற்கென்று தனியாக ஒரு சோதனை உண்டு, அதை அந்தப் பெண்மணி செய்தும் இருக்கிறார். கட்டுரையில் அதைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி. அதை அப்படியே படித்துக் காட்டினேன்: “ஆக்ஸிஜன் பாலத்தின் அமைவு, இரண்டாம் படத்தில் அம்புக்குறிகளால் காட்டியபடி, ஐயமின்றி நிறுவப்பட்டது.”

“ரெண்டாம் படம்?”

“அதுவும் வெள்ளைக் கட்டம்தான் சார்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “ஆப்பை அவ கடைசியாதான் சொல்லுவா. முழுசா சுத்தி முடிச்சுட்டு, ‘இப்ப மேல கீழ சொல்றேன், கேட்டுக்கோங்க’ன்னு ஆரம்பிப்பா. அன்னைக்கு நான் அது வரைக்கும் போகவே விடல.”

தங்கைக்குத்தான் பொறுக்கவில்லை. “மேடம், மேலயோ கீழயோ ஏதாவது ஒண்ணு போட்டுடுங்களேன். பாதிக்குப் பாதி சரியா வந்துடும்ல? அக்கா பேர் முழுசா நிக்கும். யாருக்குத் தெரியப்போவுது?”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இந்த மாதிரிப் பொருள்களில் எதிர்ப்பக்கமாக இருப்பதைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆப்பு, ஒரு துண்டுக்கோடு, இரண்டு சொடுக்கு, படம் நிறைவாகிவிடும். அந்த மனிதர் அன்றிரவு கொஞ்சம் தூங்குவார். கறாராவது ஒன்றாவது என்று தோன்றியது.

அவர்தான் வேண்டாமென்றார். “அவ சொல்ல வந்தப்போ நான் கேக்கல. இப்ப நானா ஒண்ணைச் சொல்லி அவ பேர்ல போட்டா, இன்னொரு தடவை அவ வாயை அடைக்கிற மாதிரி. வேணாம்மா. வெறும் கோடா விட்டுடுங்க.”

வெறும் கோடு என்றால் எங்கள் தொழிலில் ‘எந்தப் பக்கம் என்று தெரியாது’ என்று பொருள். ஆப்பு இல்லாமல் படத்தை முடித்தேன். அடுத்து படத்தின் அடியில் குறிப்பு எழுதவேண்டும். இதற்கென்றே விதிப்புத்தகத்தில் ஒரு வாசகம் உண்டு. பழக்கத்தில் அதைத் தட்டச்சு செய்துகொண்டே வாய்விட்டுப் படித்தேன்: “ஆக்ஸிஜன் பாலத்தின் அமைவு கண்டறியப்படவில்லை.”

“அப்படிப் போடாதீங்க!” மேசையில் அறைந்துவிட்டார். தங்கை திடுக்கிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எதிர் மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “கண்டறியப்படவில்லைன்னா அவ கண்டுபிடிக்கலன்னு அர்த்தம். அவ கண்டுபிடிச்சா. அவளுக்குத் தெரியும்.”

“வேற எப்படி சார் எழுத?”

அவர் சொன்னார். நான் எழுதினேன்.

அதற்காக மேனேஜரோடு அன்று பிற்பகல் முழுக்கச் சண்டை போட்டேன். விதிப்புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்து, இந்த மாதிரிக் குறிப்பை எந்தப் புத்தகத்திலாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். பார்த்ததில்லை என்றேன். மாற்றினால் இந்தப் புத்தகத்தில் என் கை படாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். வேறு ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அச்சான புத்தகத்தில் ஏழாம் சேர்மத்தின் படம் இருக்கிறது. இரண்டு வீடு, ஒரு பொதுச்சுவர், வலது சுவருக்கு வெளியே முக்கோணம், எல்லாம் வெறும் கோடுகள். அடியில் இப்படி இருக்கிறது: ‘ஆக்ஸிஜன் எந்தப் பக்கம் என்பது இதைக் கண்டுபிடித்தவருக்குத் தெரியும். அவர் சொல்லும்போது நாங்கள் கேட்கவில்லை.’